கூட்டலின் மடக்கையைப் பிரித்த விடை சரியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை அசோக் நகரில் மாலை நேரங்களில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். ஆண்டுதோறும் மடக்கைப் பாடம் வரும்போது பெரும்பாலும் ஒரே தவறும், அதையொட்டி ஒரே ஐயங்களும் திரும்பத் திரும்ப வருவதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பேச்சு முழுவதும் ஒரு கணக்கைச் சுற்றியே செல்லும். log₂(4x + 16) என்பதைச் சுருக்கச் சொன்னபோது ஒரு மாணவி எழுதியது இது:

log₂(4x + 16) = log₂4x + log₂16 = 2 + log₂x + 4 = 6 + log₂x

இங்கு x எப்போதும் மிகை எண் என்று கொள்க.

சார், அடைப்புக்கு வெளியே இருக்கறதை உள்ளே இருக்கற ரெண்டுக்கும் கொடுக்கறதுதானே வழக்கம்? லாக்குக்கு மட்டும் ஏன் கூடாது?

3(x + 5) என்று எழுதும்போது 3 என்பது ஓர் எண். அது அடைப்புக்குள் இருப்பதைப் பெருக்குகிறது. பெருக்கலுக்கு மட்டுமே உரிய பங்கீட்டுப் பண்பினால் அது இரண்டு உறுப்புகளுக்கும் போய்ச் சேர்கிறது. log₂ என்பது எண் அன்று. அது ஒரு செயலின் பெயர். அடைப்புக்குள் இருக்கும் முழு எண்ணையும் எடுத்துக்கொண்டு, "2-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் இந்த எண் வரும்?" என்று அது கேட்கிறது. அந்தக் கேள்வியைப் பாதிப் பாதியாகக் கேட்டு இரண்டு விடைகளையும் கூட்டினால் முழுக் கேள்வியின் விடை கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

வர்க்கமூலத்தில் இதே பிழையை யாரும் எளிதில் கண்டுகொள்வார்கள். √(9 + 16) என்பது √25, அதாவது 5. தனித்தனியே எடுத்துக் கூட்டினால் 7 வரும். மடக்கையில் மட்டும் பிழை கண்ணில் படாமல் போவதற்குக் காரணம், பிரிக்க அனுமதிக்கும் விதி ஒன்று உண்மையாகவே அங்கே இருப்பதுதான் என்று நினைக்கிறேன். அந்த விதி பெருக்கலுக்கு உரியது. மாணவர்கள் அதன் வலப்பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை நினைவில் வைத்துக்கொண்டு, இடப்பக்கத்தில் என்ன குறி இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

பெருக்கலுக்கு மட்டும் பிரியுது, கூட்டலுக்குப் பிரியலைன்னா அதுக்குக் காரணம் என்ன? விதி அப்படித்தான்னு மனப்பாடம் செய்யணுமா?

மனப்பாடம் வேண்டாம், அடுக்குகளைப் பார்த்தாலே போதும். 8 என்பது 2³, 32 என்பது 2⁵. இரண்டையும் பெருக்கினால் 2-கள் மூன்றும் ஐந்தும் சேர்ந்து எட்டு ஆகின்றன. விடை 2⁸, அதாவது 256. அடுக்குகள் கூடுகின்றன, அடுக்கைத்தான் மடக்கை என்கிறோம், எனவே பெருக்கலின் மடக்கை மடக்கைகளின் கூட்டலாகிறது.

இப்போது அதே இரண்டையும் கூட்டிப் பாருங்கள். 8 + 32 = 40. இது 2⁵-க்கும் 2⁶-க்கும் நடுவே எங்கோ நிற்கிறது. அதன் மடக்கை ஏறத்தாழ 5.32. மூன்றிலிருந்தும் ஐந்திலிருந்தும் நேரடியாகக் கூட்டியோ பெருக்கியோ இந்த எண்ணைப் பெறும் வழி இல்லை. அடுக்குகளைக் கூட்டி 8 என்று எழுதினால், 40-இன் மடக்கையைக் கேட்டவருக்கு 256-இன் மடக்கையைக் கொடுத்ததாக ஆகும்.

என் விடை சரியான்னு பார்க்க x-க்கு ஏதாவது ஒரு எண்ணைப் போட்டா போதுமா?

தவறு என்று காட்டுவதற்குப் போதும். சரி என்று காட்டுவதற்குப் போதாது. நமது கணக்கில் x = 4 என்று போடுங்கள். இடப்பக்கம் log₂(16 + 16) = log₂32 = 5. மாணவியின் விடை 6 + log₂4 = 6 + 2 = 8. ஐந்தும் எட்டும் ஒன்றல்ல. ஆகவே சுருக்கம் தவறு. இதற்கு மேல் வாதம் தேவையில்லை, ஏனெனில் முற்றொருமை என்று எழுதப்பட்ட ஒன்று x-இன் எல்லா மிகை மதிப்புகளுக்கும் பொருந்தியாக வேண்டும்.

எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் சற்றே கவனம் வேண்டும். அடைப்புக்குள் இருப்பது 2-இன் அடுக்காக வரும்படி எடுத்தால் கையாலேயே முடித்துவிடலாம். இங்கே 4x + 16 என்பது 32 ஆக x = 4, 64 ஆக x = 12.

நான் அப்படித்தான் சார் பண்ணேன். வேற ஒரு கணக்கு, log(x + 2). அதை log x + log 2-ன்னு எழுதிட்டு x = 2 போட்டேன், ரெண்டு பக்கமும் log 4 வந்துச்சே?

உங்கள் கையில் அகப்பட்டது, பொய் சொல்லும் ஒரே ஓர் எண். log a + log b என்பது log(ab) ஆகையால், பிழையான பிரிப்பு எங்கே தற்செயலாகப் பொருந்தும் என்பதைக் கணக்கிட்டே சொல்லிவிடலாம்: a + b = ab ஆக இருக்கும் இடத்தில் மட்டும். a-யும் b-யும் 2 என்றால் கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4. உங்கள் கணக்கில் x + 2 = 2x என்னும் சமன்பாட்டுக்கு x = 2 தவிர வேறு தீர்வே இல்லை; x = 3 என்று போட்டிருந்தால் log 5 ஒரு பக்கமும் log 6 மறுபக்கமும் வந்து உண்மை தெரிந்திருக்கும். சிறிய முழு எண்களைத்தான் எல்லோரும் முதலில் போட்டுப் பார்ப்பார்கள் என்பதால், இந்த 2 பலரையும் ஏமாற்றியிருக்கிறது.

மேலே உள்ள மாணவியின் கணக்குக்கும் அப்படி ஓர் இடம் உண்டு. 4x + 16 = 64x என்று வைத்தால் 60x = 16, எனவே x = 4/15. அந்த ஒரு புள்ளியில் அவளுடைய விடை சரியான மதிப்பையே தரும். 4/15-ஐப் போட்டுச் சோதிக்க யாருக்கும் தோன்றாது என்பதால் அங்கே ஆபத்துக் குறைவு. px + q வடிவக் கூட்டலை log p + log x + log q என்று பிரித்த தவறு எதுவானாலும், p, q இரண்டும் மிகை எண்களாக இருக்கும்வரை, இப்படிப் பொருந்தும் இடம் ஒன்றுக்கு மேல் இருக்காது; ஏனெனில் தீர்க்க வேண்டியது px + q = pqx என்ற ஒருபடிச் சமன்பாடுதான். ஆகவே இரண்டு வெவ்வேறு எண்களைப் போட்டால் இந்தத் தவறு தப்பிக்க வழியில்லை.

log(1 + 2 + 3) = log 1 + log 2 + log 3-ன்னு ஒரு கேள்வி, சரியா தவறான்னு கேட்டிருந்தாங்க. தவறுன்னு போட்டேன், மதிப்பெண் போச்சு. ஏன்?

அது சரி என்பதால். வலப்பக்கம் log(1 × 2 × 3) = log 6; இடப்பக்கமும் log 6. முந்தைய விடையில் சொன்ன தற்செயல்தான் இங்கே மூன்று எண்களுடன் நிகழ்ந்திருக்கிறது. கேள்வி கேட்பது அந்தக் குறிப்பிட்ட எண்களின் சமநிலையை. பொது விதியை அன்று. மதிப்பு சமமா என்று கேட்டால் மதிப்பைக் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். கூட்டல் விதிப்படிப் பிரித்தேன் என்று காரணம் எழுதினால் மட்டும் அது தவறு.

எண் எதுவும் போடாம, நேரடியா சரிபார்க்க வழி இருக்கா?

இருக்கிறது, நான் மிகவும் விரும்பும் வழியும் அதுதான். விடையை எடுத்து, 2-இன் அடுக்காக ஏற்றிப் பாருங்கள். மடக்கை எடுத்ததை அவிழ்க்கும் செயல் இது. தொடங்கிய இடத்துக்கே அது திரும்பி வர வேண்டும். மாணவியின் விடையில் 2 என்பதன் அடுக்கு 6 + log₂x. அடுக்கில் உள்ள கூட்டல் கீழே பெருக்கலாக இறங்குவதால் 2⁶ × x, அதாவது 64x கிடைக்கிறது. தொடங்கியது 4x + 16. இரண்டும் வேறு.

இந்தச் சோதனை தவறு இருப்பதை மட்டும் சொல்லவில்லை, தவறு எங்கே நிகழ்ந்தது என்பதையும் காட்டிக் கொடுக்கிறது. 64x என்பது 4x-ஐயும் 16-ஐயும் பெருக்கி வந்தது. கூட்ட வேண்டிய இரண்டு உறுப்புகள் எங்கோ பெருக்கப்பட்டுவிட்டன என்றால், முதல் சமக்குறியைத் தாண்டிய இடத்தைத் தவிர வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அதற்குப் பின் வந்த படிகள் அனைத்தும், log₂4x = 2 + log₂x என்பது உட்பட, சரியானவையே.

அப்போ log₂(4x + 16)-க்குச் சரியான சுருக்கம் எது? சுருக்கவே முடியாதா?

முடியும், முதலில் கூட்டலைப் பெருக்கலாக மாற்ற வேண்டும். 4x + 16 = 4(x + 4). இப்போது அடைப்புக்குள் உண்மையான பெருக்கல் இருப்பதால் விதியைப் பயன்படுத்தலாம்: log₂4 + log₂(x + 4) = 2 + log₂(x + 4). முன்பு சொன்னபடி அடுக்காக ஏற்றினால் 2² × (x + 4) = 4x + 16. x = 4 என்றால் 2 + log₂8 = 5; x = 12 என்றால் 2 + log₂16 = 6. எல்லாம் பொருந்துகின்றன. log₂(x + 4) என்பதை இதற்கு மேல் உடைக்க வழியில்லை. அதை அப்படியே விட்டுவிடுவதுதான் விடை. "இன்னும் முடியவில்லையே" என்ற உறுத்தலில் கடைசி வரியில் போய் log₂x + log₂4 என்று எழுதி, சரியாக வந்த கணக்கைக் கெடுத்தவர்களும் உண்டு.

தேர்வறையில கால்குலேட்டர் கிடையாது, நேரமும் கிடையாது. பார்த்தவுடனே சந்தேகம் வர்ற மாதிரி ஏதாவது அடையாளம் சொல்லுங்க சார்.

இரண்டு மிகை எண்களைக் கூட்டினால், கூட்டுத்தொகை அவற்றுள் பெரியதைவிட அதிகமாக இருக்கும். ஆனால் பெரியதன் இரு மடங்கைத் தாண்டாது. இரு மடங்கு என்பது 2 அடிமான மடக்கையில் சரியாக 1. ஆகவே கூட்டலின் மடக்கை, பெரிய உறுப்பின் மடக்கையைவிட அதிகபட்சம் 1 மட்டுமே கூடுதலாக இருக்க முடியும். 10 அடிமானம் என்றால் அந்த வரம்பு 0.3010. நம் கணக்கில் x = 4 என்றால் இரண்டு உறுப்புகளும் 16; ஒவ்வொன்றின் மடக்கையும் 4; எனவே விடை 5-ஐத் தாண்டவே கூடாது. 8 என்று வந்தால் கணக்குப் போடாமலேயே தவறு என்று சொல்லிவிடலாம்.

இன்னோர் அடையாளம், x-ஐ மிகச் சிறியதாக எண்ணிப் பார்ப்பது. x சுழியை நெருங்கும்போது 4x + 16 என்பது 16-ஐ நெருங்குகிறது. மடக்கை 4-இல் அமைதியாக நிற்கிறது. 6 + log₂x என்பதோ கீழே, கீழே என்று முடிவில்லாமல் இறங்குகிறது. அவற்றின் வரைபடங்களை மனத்தில் ஓடவிட்டாலே இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது என்பது தெரியும்.

வீட்டுல கால்குலேட்டர்ல பார்த்தேன். x = 1-க்கு log₂20 வரணும். எனக்கு 1.82 வந்தது, என் தப்பான விடைக்கு 6 வருது. எதை நம்பறது?

இரண்டையும் நம்ப வேண்டாம். சரியான மதிப்பு ஏறத்தாழ 4.32. பல அறிவியல் கால்குலேட்டர்களில் `log` பொத்தானை அழுத்தினால் அடைப்பு தானாகவே திறந்துகொள்ளும். 20-க்குப் பிறகு அதை மூடாமல் வகுத்தல் குறியை அழுத்தினால் log(20 ÷ log 2) என்று இயந்திரம் புரிந்துகொண்டு 1.82 என்று காட்டும். `log(20)÷log(2)` என்று இரண்டு அடைப்புகளையும் மூடித் தட்டச்சு செய்யுங்கள். முந்தைய விடையில் சொன்ன வரம்பும் இங்கே உதவும்: x = 1 என்றால் பெரிய உறுப்பு 16, அதன் மடக்கை 4, எனவே விடை 4-க்கும் 5-க்கும் இடையில்தான் இருக்க வேண்டும். 1.82-உம் 6-உம் அதற்கு வெளியே கிடக்கின்றன.

கணினி வைத்திருப்பவர்கள் பைத்தானில் பல மதிப்புகளை ஒரே நேரத்தில் பார்க்கலாம். முதல் நிரல் x, இரண்டாவது கேட்கப்பட்டது, மூன்றாவது சரியான சுருக்கம், நான்காவது மாணவியின் விடை.

```
from math import log2
for x in [0.5, 1, 4, 12]:
    print(x, log2(4*x+16), 2+log2(x+4), 6+log2(x))
```

இரண்டாவது நிரலும் மூன்றாவது நிரலும் ஒத்துப்போகும். கடைசி இலக்கத்தில் மட்டும் சிறு வேறுபாடு தெரிந்தால் அது கணினியின் தசமத் துல்லியத்தின் எல்லை. கணக்கின் பிழை அன்று.

சமன்பாடு தீர்க்கும்போது இந்தத் தப்பு செஞ்சா கடைசியில தெரிஞ்சுடுமா?

விடையைத் திரும்பப் பிரதியிட்டால் தெரியும்; இல்லாவிட்டால் தெரியாது. log₂(4x + 16) = 7 என்று கொள்வோம். பிழையான வழியில் 6 + log₂x = 7, log₂x = 1, x = 2. பார்ப்பதற்கு அழகான முழு எண், அதனாலேயே யாரும் ஐயப்படுவதில்லை. மூலச் சமன்பாட்டில் போட்டால் log₂24 வருகிறது, அது 4.58, ஏழு அன்று. சரியான வழியில் பிரிக்கவே தேவையில்லை: 4x + 16 = 2⁷ = 128, எனவே x = 28. பிரதியிடும்போது ஓர் எச்சரிக்கை: நீங்கள் பிரித்து எழுதிய இரண்டாவது வரியில் போடாதீர்கள். அங்கே x = 2 கச்சிதமாகப் பொருந்தும். கேள்வித்தாளில் அச்சாகியிருக்கும் வரியில்தான் போட வேண்டும்.

இதெல்லாம் தேர்வுக்குத்தானே? வெளியில எங்கேயாவது இந்தத் தப்பால வித்தியாசம் வருமா?

ஒலியின் அளவைச் சொல்லும் டெசிபல் ஒரு மடக்கை அளவு என்பதால் அங்கே உடனே வரும். ஆடி மாதத்தில் தெருமுனைக் கோயிலில் ஓர் ஒலிபெருக்கி உங்கள் வாசலில் 70 டெசிபல் தருகிறது. அதே வலிமையுள்ள, ஆனால் வேறு பாட்டு ஒலிக்கும் இன்னொன்றையும் வைக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். அளவுகளைக் கூட்டினால் 140 டெசிபல். அது காதில் வலியே உண்டாக்கும் அளவு. உண்மையில் கூடுவது ஒலியின் திறன். அது இரு மடங்காகிறது, 10 × 0.3010 ஏறத்தாழ 3 ஆகையால் அளவு 73 டெசிபல் ஆகிறது. மேலே தேர்வறைக்காகச் சொன்ன 0.3010 வரம்புதான் இங்கே பத்தால் பெருக்கப்பட்டு 3 டெசிபலாக வந்து நிற்கிறது.

அந்தக் காலத்துல மடக்கை அட்டவணை வச்சுத்தானே எல்லாக் கணக்கும் போட்டாங்க? கூட்டல் வந்தா என்ன செஞ்சாங்க?

1614-இல் நேப்பியர் மடக்கையை வெளியிட்டதிலிருந்தே இந்தத் தொல்லை இருந்தது. இரண்டு எண்களின் மடக்கைகள் கையில் இருந்து, அவற்றின் கூட்டுத்தொகையின் மடக்கை வேண்டுமென்றால், எதிர்மடக்கை பார்த்து, கூட்டி, மறுபடியும் மடக்கை பார்க்க வேண்டும். இந்தச் சுற்று வழியைத் தவிர்க்கவே தனி அட்டவணைகள் உருவாயின. 1812-இல் காஸ் வெளியிட்டது அவற்றுள் புகழ்பெற்றது. பிரித்து எழுதுவது செல்லுமானால் இந்த அட்டவணைகளுக்கு வேலையே இருந்திராது.

அதன் அடிப்படை, பெரிய உறுப்பைப் பொதுக் காரணியாக வெளியே எடுப்பது: log(a + b) = log a + log(1 + b/a). நம் கணக்கில் x = 1 என்றால் உறுப்புகள் 16-உம் 4-உம். 10 அடிமானத்தில் log 16 = 1.2041. b/a கால் பங்கு, log 1.25 = 0.0969. இரண்டையும் கூட்டினால் 1.3010, அதுவே log 20. இந்த வரியில் உள்ள கூட்டல் குறி செல்லுபடியாவதற்குக் காரணம், அடைப்புக்குள் a × (1 + b/a) என்னும் பெருக்கல் இருப்பது.

அடைப்புக்குள்ள கூட்டல் குறி இருந்தா பிரிக்கவே கூடாதுன்னு எடுத்துக்கலாமா? log₂(x² + 3x)-ஐ எங்க அக்கா log₂x + log₂(x + 3)-ன்னு எழுதினாங்க, அதுவும் தப்புதானே?

உங்கள் அக்கா கூட்டலைப் பிரிக்கவில்லை. x(x + 3) என்று காரணிப்படுத்திய பிறகு பெருக்கலைத்தான் பிரித்திருக்கிறார். பிழையான பிரிப்பு log₂x² + log₂3x என்று இருந்திருக்கும். x = 1 என்றால் கேட்கப்பட்டது log₂4 = 2; அக்காவின் விடை 0 + 2 = 2; பிழையான பிரிப்பு 0 + log₂3, ஏறத்தாழ 1.58.

ஆனால் அக்காவின் விடையிலும் ஒரு சிறு ஓட்டை உண்டு. இந்தத் தொகுப்பில் x மிகை எண் என்று நாம் முதலிலேயே சொல்லிக்கொண்டோம்; கேள்வியில் அப்படிச் சொல்லாவிட்டால் x = −4 என்று போடவும் தடையில்லை. அப்போது x² + 3x = 16 − 12 = 4, மடக்கை 2. அக்காவின் வடிவத்திலோ −4-க்கும் −1-க்கும் மடக்கை தேட வேண்டியிருக்கும். மெய்யெண்களில் அவற்றுக்கு மடக்கை இல்லை. x என்பது −3-ஐவிடச் சிறியதாக இருக்கும் பகுதி முழுவதும் மூலக் கோவைக்குப் பொருள் இருக்க, பிரித்த வடிவத்துக்குப் பொருள் இல்லாமல் போகிறது. மட்டு மதிப்பு இட்டு log₂|x| + log₂|x + 3| என்று எழுதினால் அந்த இடத்திலும் 2 + 0 = 2 என்று பொருந்தும். அப்போதும் −3-க்கும் 0-க்கும் இடையில் மூலக் கோவைக்குப் பொருள் இல்லை என்பதை விடையின் ஓரத்தில் எழுதிவைக்க வேண்டும், ஏனெனில் மட்டு இட்ட வடிவம் அங்கேயும் ஒரு மதிப்பைத் தந்துகொண்டிருக்கும்.